மதியப் படத்தில் விளக்கு வைக்கும் நேரம்

சென்னை ரிப்பன் கட்டடத்தை ஒரு ஜனவரி மாத நடுவில், மதியம் 12:20-க்கு எடுத்த படம். அதைப் பொழுது சாய்ந்த நேரத்துப் படமாக மாற்றித் தர வேண்டும், கட்டடத்தில் மட்டும் ஒரு தூண், ஒரு ஜன்னல், ஒரு விரிசல்கூட மாறக் கூடாது. வேலை இவ்வளவுதான். கேட்டவர் காலண்டர் தொழில் செய்பவர். சிவகாசிப் பக்கம் ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் வெளியாகிவிடும், அதனால் அடுத்த ஜனவரிக்குக் காத்திருந்து சாயங்காலத்தில் புதிதாக எடுக்கவும் வழியில்லை. அந்தக் கோணம் வேறு அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

"வானத்த மட்டும் மாத்திட்டா போதும்ல தம்பி?" என்றார்.

"வானம் சின்ன வேலை அண்ணாச்சி. நிழல்தான் பெரிய வேலை" என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இந்தப் பதிவு கிட்டத்தட்ட அவருக்குச் சொன்ன பதிலின் நீளமான வடிவம்.

முதலில் எந்தச் சாயங்காலம் என்று முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலானவர்கள் "சாயங்காலம்" என்றதும் தங்க நிற வெயில், நீளமான நிழல் என்று போய்விடுகிறார்கள். அந்தப் பக்கம் போனால் மாட்டிக்கொண்டோம். ரிப்பன் கட்டடம் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு வடக்கே, ஏறக்குறைய தெற்குப் பார்த்து நிற்கிறது. ஜனவரி நடுவில் சென்னையில் சூரியன் மறைவது நேர் மேற்கில் இல்லை, மேற்கிலிருந்து இருபது டிகிரிக்கு மேல் தெற்கே தள்ளி. அப்படியானால் ஐந்தரை மணி வெயில் அந்த வெள்ளை முகப்பின் மேல் இடதுபக்கமிருந்து பட்டும் படாமலும் உரசிக்கொண்டு போகும். முகப்பில் துருத்திக்கொண்டிருக்கும் ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு வளைவும் வலதுபக்கமாக நீண்ட நிழலைப் போடும். அந்த நிழல்களைச் சரியாக வரைய, எந்தத் தூண் சுவரிலிருந்து எத்தனை அங்குலம் வெளியே நிற்கிறது என்று தெரிந்தாக வேண்டும். ஒரே ஒரு படத்தில் அந்தத் தகவல் கிடையாது. குத்துமதிப்பாக வரைந்தால் அது கட்டடத்தின் வடிவத்தை மாற்றியதற்குச் சமம், ஏனென்றால் கண்ணுக்கு ஆழம் தெரிவதே நிழலால்தான்.

அதனால் நான் எப்போதும் சூரியன் மறைந்த பிறகு இருக்கும் நேரத்தைத்தான் எடுத்துக்கொள்வேன். ஜனவரி நடுவில் சென்னையில் ஆறு மணி வாக்கில் பொழுது சாய்கிறது. அதன் பின் ஒரு கால்மணி நேரம் கழித்து, 6:15 என்று வைத்துக்கொள்ளலாம், சூரியன் தொடுவானத்துக்குக் கீழே சுமார் 4 டிகிரி இறங்கியிருக்கும். வானத்தில் வெளிச்சம் இருக்கும், தெருவிளக்கு எரியத் தொடங்கியிருக்கும், ஆனால் எந்தப் பொருளுக்கும் கூர்மையான நிழல் கிடையாது. புதிய நிழல் எதையும் உருவாக்க வேண்டியதில்லை, பழைய நிழலை அழித்தால் போதும். வேலை பாதியாகக் குறைகிறது என்பதைவிட, செய்ய முடியாத வேலை செய்யக்கூடிய வேலையாக மாறுகிறது என்று சொல்லலாம். நம் ஊரில் இந்த நேரம் சீக்கிரம் கடந்துவிடும், சூரியன் மறைந்து 22 நிமிடத்தில் 6 டிகிரி இறங்கி இருட்டத் தொடங்கிவிடும். நேரில் எடுக்கப் போகிறவர்களுக்கு அது அவஸ்தை, மேசையில் உட்கார்ந்து செய்கிறவனுக்குக் கவலையில்லை.

சரி, மதியப் படத்தின் வெளிச்சத்தைக் குறைத்து, நீலத்தைக் கூட்டினால் என்ன? பழைய சினிமாக்களில் பகலில் எடுத்து இரவு என்று காட்டுவார்கள், டே ஃபார் நைட். அதில் நீலத்தில் நனைந்த காடு, கீழே பார்த்தால் ஆளுக்கு ஒரு கறுப்பு நிழல். அதுதான் கிடைக்கும். காரணம் எளிது. மதியம் ஒரு சுவரின் மேல் இரண்டு வெளிச்சம் விழுகிறது, ஒன்று நேரடி வெயில், இன்னொன்று வானத்தின் வெளிச்சம். வெயில் விழும் இடத்துக்கும் நிழல் விழும் இடத்துக்கும் ஆறேழு மடங்கு வித்தியாசம், புகைப்படக்காரர்கள் கணக்கில் இரண்டரை முதல் மூன்று ஸ்டாப், ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. மொத்தப் படத்தையும் எவ்வளவு இருட்டாக்கினாலும் இந்த ஆறேழு மடங்கு அப்படியே இருக்கும். அந்த விகிதம்தான் "இது வெயில்" என்று கண்ணுக்குச் சொல்கிறது. நிறம் அடுத்தபடிதான்.

இதைத் திருப்பிப் பார்த்தால் வழி கிடைக்கும். பொழுது சாய்ந்த பிறகு இருப்பது வானத்தின் வெளிச்சம் மட்டும். மதியப் படத்தில் வானத்தின் வெளிச்சம் மட்டும் விழுகிற இடம் எது? நிழல். ஆக, அந்த மதியப் படத்தின் நிழல்களுக்குள்ளே சாயங்காலம் ஏற்கெனவே ஓரளவு இருக்கிறது. மீதிப் படத்தையும் நிழலின் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். நிழலை வெளுக்கவைத்து வெயிலோடு சேர்ப்பது வழக்கமான ரீடச்சிங் பழக்கம், இங்கே நேர் எதிர். வெயில் பட்ட இடங்களை மட்டும் தனியே தேர்ந்தெடுத்து, இரண்டரை ஸ்டாப் இறக்கி, நிறத்தையும் நிழலின் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். வெயில் பட்ட சுவர் 5,500 கெல்வின் பக்கம் இருக்கும், அதே சுவரின் நிழல் 7,500-க்கும் மேலே நீலமாக இருக்கும். வெளிச்சத்தை மட்டும் சமன் செய்துவிட்டு நிறத்தை விட்டுவிட்டால், நிழல் இருந்த இடம் நீலத் தேமல் மாதிரி தெரியும். வெள்ளைக் கட்டடத்தில் இது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

இதற்கு, சென்சார் பதிவு செய்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைல் கட்டாயம். ரிப்பன் கட்டடம் போன்ற வெள்ளைச் சுவர் மதிய வெயிலில் சுலபமாக எரிந்துபோகும், அதாவது சென்சார் பதிவு செய்யும் உச்சத்தைத் தாண்டி வெறும் வெள்ளையாகிவிடும். அப்படி எரிந்த இடத்தை இரண்டரை ஸ்டாப் இறக்கினால் கிடைப்பது சாம்பல் பூசிய தட்டையான திட்டு, பூச்சின் சொரசொரப்பு, கறை, கோடு எதுவும் இருக்காது. பக்கத்துச் சுவரிலிருந்து நகல் எடுத்து ஒட்டலாம்தான், ஆனால் கட்டடத்தை மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு அதைச் செய்வது என்ன நியாயம்? இந்தப் படத்தில் கோபுரத்தின் மேல்விளிம்பில் சில இடங்கள் விளிம்புவரை போயிருந்தன, ரா ஃபைலில் மூன்று நிறச் சானல்களில் ஒன்றிலாவது விவரம் மிச்சமிருந்ததால் தப்பித்தது. யாராவது வாட்ஸப்பில் வந்த ஜேபெக்கைக் கொடுத்து இதே வேலையைக் கேட்டால் நான் முடியாது என்றுதான் சொல்வேன்.

வெயில் பட்ட இடத்தில் மட்டும் மாற்றம் விழும்படி மற்றதை மூடிவைக்கும் மாஸ்க்தான் இந்த வேலையின் உயிர். நேரத்தில் பெரும்பகுதி அதற்கே போகும். அதில் இரண்டு சங்கதிகள்.

ஒன்று, எல்லா இடத்துக்கும் ஒரே இரண்டரை ஸ்டாப் செல்லாது. அன்றைக்கு 12:20-க்குச் சூரியன் தெற்கே சுமார் 56 டிகிரி உயரத்தில் இருந்தது. செங்குத்தான சுவரின் மேல் வெயில் சாய்வாக விழும், தரையின் மேல் அதைவிட நேராக விழும். அதனால் புல்தரை, நடைபாதை எல்லாவற்றையும் சுவரைவிடக் கூடுதலாக இறக்க வேண்டும். உருண்டையான பரப்புகளில் இன்னும் சிக்கல், அங்கே வெயிலின் அளவு ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புவரை படிப்படியாக மாறும். கோபுரத்தின் உச்சியில் ஒரே அளவில் இறக்கிப் பார்த்தால் ஒரு பக்கம் இன்னும் வெயில் மிச்சமிருக்கும், மறுபக்கம் அழுக்குப் பிடித்ததுபோல் ஆகும். அங்கே மாஸ்க்கைக் கையால் கிரேடியன்ட் போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும்.

இரண்டு, நிழலின் விளிம்பு. சூரியன் ஒரு புள்ளி கிடையாது, வானத்தில் அரை டிகிரி அகலமான வட்டு. அதனால் எந்த நிழலின் விளிம்பும் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், எவ்வளவு மங்கல் என்பது நிழலைப் போடும் பொருள் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் சன்ஷேடின் நிழல் விளிம்பு சுமார் 9 மில்லிமீட்டர் அகலத்துக்கு மங்கும். இருபது மீட்டர் தள்ளியிருக்கும் ஏதாவது ஒன்றின் நிழல் ஒரு சாண் அளவுக்கு மங்கும். மாஸ்க்கின் விளிம்பையும் அதே போல இடத்துக்கு இடம் மாற்றி மென்மையாக்க வேண்டும். ஒரே ஃபெதர் அளவை எல்லா இடத்திலும் போட்டால், பழைய நிழல் இருந்த ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு நின்றுவிடும், மாஸ்க் அந்தப் பக்கம் தள்ளினால் வெள்ளைக் கோடு, இந்தப் பக்கம் தள்ளினால் கறுப்புக் கோடு. முழு அளவில் பார்க்கும்போது இது கண்ணில் படாது. படத்தை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, தலைகீழாகத் திருப்பி, கறுப்பு வெள்ளையில் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். தலைகீழாகத் திருப்பினால் மூளை "இது ரிப்பன் பில்டிங்" என்று படிப்பதை நிறுத்திவிட்டு வெறும் கோடாகப் பார்க்கத் தொடங்குகிறது.

இவ்வளவும் முடிந்ததும் படம் மேகமூட்டமான நாளில் எடுத்த மாதிரி ஆகியிருக்க வேண்டும். அது நல்ல அறிகுறி. அந்த நிலையில் படத்தைச் சேமித்து வைத்துக்கொள்வேன், பின்னால் எந்த நேரத்துக்கு வேண்டுமானாலும் அதிலிருந்து கிளம்பலாம். (இதே கட்டடத்தை ஜூன் மாதம் மதியம் எடுத்திருந்தால் இத்தனை பாடே இல்லை. ஜூனில் சென்னையில் உச்சிவேளைச் சூரியன் வடக்கே சாய்ந்துவிடும், தெற்குப் பார்த்த முகப்பு முழுக்கத் தானாகவே நிழலில் இருக்கும். பகல் படத்தைச் சாயங்காலமாக்கும் எண்ணத்தோடு படம் எடுக்கப் போகிறவர்கள் யோசித்து மாதத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.)

நிழல் போயும் ஏதோ சரியில்லாமல் இருக்கும். பலர் இங்கே நின்றுவிடுகிறார்கள், ஏன் செயற்கையாகத் தெரிகிறது என்று புரியாமல் நிறத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பிரச்சினை கீழேயிருந்து வருகிற வெளிச்சம். மதியம் தரையில் அடிக்கும் வெயில் திரும்பி மேலே எழும்பி, வளைவுகளின் உட்புறத்தையும் சன்ஷேடின் அடிப்புறத்தையும் பிரகாசமாக்குகிறது. முன்னால் புல்தரை இருந்தால் சுவரின் அடிப்பகுதியில் லேசாகப் பச்சை ஏறும். பொழுது சாய்ந்தபின் தரையில் வெயில் இல்லை, ஆகவே எழும்பும் வெளிச்சமும் கிட்டத்தட்ட இல்லை. மேலே பார்த்த பரப்புகள் வெளிச்சமாகவும், கீழே பார்த்த பரப்புகள் இருட்டாகவும் இருக்க வேண்டும், மதியப் படத்தில் அந்த வித்தியாசம் ரொம்பக் குறைவு. நான் வளைவுகளின் உட்புறங்களைத் தனி மாஸ்க்கில் எடுத்து, முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை இறக்கினேன், அடிச்சுவரின் பச்சையை எடுத்தேன். அதைச் செய்ததும் கட்டடம் சட்டென்று தரையில் உட்கார்ந்தது. இந்த மாற்றத்தைத் தனியாகக் காட்டினால் யாருக்கும் எதுவும் தெரியாது, எடுத்துவிட்டால் மட்டும் எல்லோரும் "என்னமோ இடிக்குது" என்பார்கள்.

இப்போதுதான் அண்ணாச்சி சொன்ன வானம்.

கேமரா வடக்கைப் பார்க்கிறது. மேற்கு இடதுபக்கம். அப்படியானால் கட்டடத்துக்குப் பின்னால் செக்கச்செவேலென்று சூரியன் மறைவதற்கு வாய்ப்பே கிடையாது, ஜனவரி என்றில்லை, எந்த மாதத்திலும் கிடையாது. சென்னையில் சூரியன் மறையும் இடம் நேர் மேற்கிலிருந்து இரண்டு பக்கமும் சுமார் 24 டிகிரிக்குள்தான் ஊசலாடும். இணையத்தில் கிடைக்கும் அழகான அந்திவானப் படங்கள் பெரும்பாலும் சூரியனைப் பார்த்து எடுத்தவை. அதில் ஒன்றை எடுத்து ரிப்பன் கட்டடத்துக்குப் பின்னால் ஒட்டினால், அந்த வழியில் தினமும் போகிறவருக்கு உள்ளுக்குள் உறுத்தும், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும். நான் வானத்தை ஒட்டவில்லை, கிரேடியன்டாகவே கட்டினேன். இடது கீழ்மூலையில் தொடுவானத்தை ஒட்டி மங்கிய பீச் நிறம், அது மேலே போகப் போக வெளிறிய மஞ்சள் வழியாக நீலத்துக்குள் கரையும், வலதுபக்கம் கீழே மந்தமான ஊதாச் சாம்பல், உச்சியில் ஆழ்ந்த நீலம். அந்த நேரத்து நீலத்துக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. மறைந்த சூரியனின் ஒளி வளிமண்டலத்தின் உயரத்தில் நெடுந்தூரம் சாய்வாகப் பயணிக்கும்போது ஓசோன் அதிலுள்ள மஞ்சளையும் ஆரஞ்சையும் உறிஞ்சிக்கொள்கிறது. 1953-இல் எட்வர்ட் ஹல்பர்ட் என்பவர் கணக்குப் போட்டுக் காட்டியது இது. பகல் நீலத்தை வெறுமனே இருட்டாக்கினால் அந்த நீலம் வராது, அதில் கொஞ்சம் ஊதாச் சாயல் கூட வேண்டும்.

வானத்தைப் பிரிக்கும் மாஸ்க் இந்தப் படத்தில் சுலபம். வெள்ளைக் கட்டடம், நீல வானம். சிவப்புச் சானலை மட்டும் பார்த்தால் வானம் இருட்டாகவும் சுவர் பளிச்சென்றும் இருக்கும், லெவல்ஸை இரண்டு பக்கமும் இழுத்தால் மாஸ்க் தயார். மரங்கள்தான் தொல்லை, இலைகளுக்கு நடுவே ஊசிமுனை அளவு வானம் எட்டிப் பார்க்கும். அங்கே மாஸ்க் வெட்டப் போகாதீர்கள். புதிய வானம் பழையதைவிட இருட்டு என்பதால், மரம் இருக்கும் பகுதியில் மட்டும் மல்டிப்ளை என்ற கலப்பு முறையில் வைத்தால் இலை இடுக்குகள் தாமாகவே இருண்டுவிடும், விளிம்பில் வெள்ளை ஒட்டாது. கிரேடியன்டில் பதினாறு பிட் வேலையும் கொஞ்சம் கிரெய்னும் அவசியம், இல்லையென்றால் அச்சில் வானம் பட்டை பட்டையாக வரும்.

நிறத்தைவிட முக்கியமான ஒன்று, எது எதைவிட வெளிச்சம் என்ற வரிசை. மதியம் வெயில் பட்ட வெள்ளைச் சுவர் பின்னாலிருக்கும் வானத்தைவிட வெளிச்சம். பொழுது சாய்ந்தபின் சுவருக்கு வெளிச்சம் கொடுப்பதே வானம்தான். செங்குத்தான சுவர் பாதி வானத்தை மட்டும் பார்க்கிறது, அதனால் விளக்கு எதுவும் படாத சுவர் சாதாரணமாக வானத்தைவிட ஒரு ஸ்டாப் அளவுக்கு இருட்டாகவே இருக்கும், எவ்வளவு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்திருந்தாலும். வரிசை தலைகீழாகிறது. நான் பார்த்த கெட்டுப்போன மாற்றங்களில் பெரும்பாலானவற்றில் இதுதான் கோளாறு, கருநீல வானம், அதன் முன்னால் விளக்கே இல்லாமல் தானாக ஒளிரும் வெள்ளைக் கட்டடம். ரியல் எஸ்டேட் விளம்பரங்களில் நிறையப் பார்க்கலாம். சுவரை இறக்கத் தயங்குகிறார்கள், கட்டடம்தானே விற்க வேண்டும் என்று. என் கருத்தில், சுவரை இறக்கினால்தான் ஜன்னல் வெளிச்சத்துக்கு மதிப்பு வரும்.

ஜன்னல்களுக்கு வருவோம். கட்டடம் மாறக் கூடாது, ஆனால் 6:15-க்கு ஓர் அரசு அலுவலகத்தில் விளக்கு எரியும். விளக்கு எரிவது கட்டடம் மாறுவது ஆகாது என்பதில் நானும் அண்ணாச்சியும் ஒத்துப்போனோம். எப்படிப்பட்ட விளக்கு என்பதில்தான் ஒத்துப்போகவில்லை. அவருக்கு எல்லா ஜன்னலும் தேன் நிறத்தில் வேண்டும். நான், "அண்ணாச்சி, இது மாநகராட்சி ஆபீஸ், ரிசார்ட் இல்ல" என்றேன். அலுவலகத்தில் டியூப்லைட், எல்இடி, 6,500 கெல்வின், அந்த நீல வானத்துக்கு எதிரே கிட்டத்தட்ட வெள்ளையாகத்தான் தெரியும். கடைசியில் பெரும்பாலான ஜன்னல்களில் வெள்ளை, நுழைவாயில் பக்கமும் தாழ்வாரத்திலும் மட்டும் கொஞ்சம் மஞ்சள் என்று முடிவானது. படத்திலும் அதுதான் நன்றாக இருந்தது, இரண்டு வகை விளக்கு கலந்தால்தான் ஆட்கள் வேலை செய்யும் இடமாகத் தெரிகிறது.

ஜன்னலுக்குள் வெளிச்சம் போடும்போது கண்ணாடி முழுவதையும் ஒரே நிறத்தில் நிரப்பக் கூடாது. படம் முதல் மாடி உயரத்தில் இருந்து எடுத்தது. மேல்மாடி ஜன்னல் வழியே நமக்குத் தெரிவது அந்த அறையின் கூரை, ஆகவே ஜன்னலின் மேல்பகுதி பளிச்சென்றும் கீழ்ப்பகுதி மங்கலாகவும் இருக்கும். மதியப் படத்தில் கறுப்பாகத் தெரியும் ஜன்னலை ராவில் நான்கு ஸ்டாப் ஏற்றிப் பார்த்தால் பாதி நேரம் உள்ளே கூரையின் விளிம்போ, மின்விசிறியோ, பீரோவின் மேல்பகுதியோ தெரியும். அதைக் கற்பனையாக வரையாமல், அந்த ஏற்றிய பிரதியையே ஜன்னல் மாஸ்க்குக்குள் பயன்படுத்தினேன். அப்படி எதுவும் தெரியாத ஜன்னலை இருட்டாகவே விட்டேன். எல்லா அறையிலும் ஆள் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே. விளக்கின் வெளிச்சம் வெளியே கசிவதையும் மறக்கக் கூடாது, ஜன்னல் விளிம்பிலும் வளைவின் உட்புறத்திலும் கொஞ்சம் படும், அரை மீட்டருக்குள் வேகமாகத் தேய்ந்துவிடும். இந்தக் கூட்டலை லீனியர் மோடில் செய்யுங்கள், வெளிச்சம் வெளிச்சத்தோடு கூடுவது அங்கேதான் இயல்பாக வரும், சாதாரண மோடில் ஸ்க்ரீன் போட்டால் பால் ஊற்றியது போல வெளுத்துவிடும். முகப்புக்குக் கீழேயிருந்து ஃப்ளட்லைட் அடிப்பது போலச் செய்யச் சொல்லியும் கேட்டார். படத்தில் அந்த விளக்கே தெரியவில்லை, இல்லாத விளக்கை நட்டால் அது கட்டடத்தில் கைவைப்பதுதான் என்று மறுத்துவிட்டேன்.

முன்புறத்தில் ஆட்கள், வண்டிகள். கட்டடம் மாறக் கூடாது என்பதுதானே நிபந்தனை, இவர்களைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொருவர் காலடியிலும் வடக்கு நோக்கி ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நிழல், அவற்றை அழித்து, காலடியில் மட்டும் மெல்லிய கருமை விட்டேன். வண்டிகளுக்கு முகப்பு விளக்கு போட்டேன். வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு போன ஒரு அம்மாவை வேறு வழியில்லாமல் படத்திலிருந்து எடுத்தேன், சாயங்காலம் ஆறேகாலுக்கு ஜனவரியில் யார் குடை பிடிப்பார்கள்.

கட்டடம் மாறவில்லை என்று எப்படி நிரூபிப்பது? இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் போதாது, வெளிச்சம் இவ்வளவு மாறியபின் கண்ணுக்கு எல்லாமே மாறியதாகத்தான் தோன்றும். நான் இரண்டிலும் விளிம்புகளை மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிடுவேன். இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளில் மூன்று வரி:

```
magick noon.tif -colorspace gray -canny 0x1+10%+30% e1.png
magick dusk.tif -colorspace gray -canny 0x1+10%+30% e2.png
magick e1.png e2.png -compose difference -composite diff.png
```

diff.png கறுப்பாக வராது, வரவும் கூடாது. பழைய நிழல்களின் விளிம்புகள் எல்லாம் அதில் வெள்ளைக் கோடாக நிற்கும், அவை போக வேண்டியவை. அப்புறம் இருண்ட சுவரில் சில மெல்லிய கோடுகள் அளவுக்குக் கீழே போய்க் காணாமல் போயிருக்கும், அதுவும் பரவாயில்லை. தேட வேண்டியது வேறு: e1-இல் இல்லாமல் e2-இல் மட்டும் புதிதாக முளைத்த கோடு. விளக்கு எரியும் ஜன்னலுக்கு வெளியே அப்படி ஒன்று இருந்தால், அது நிழல் மாஸ்க் விட்ட ஓரம், இல்லையென்றால் தூரிகை எங்கோ சுவரில் பட்டிருக்கிறது. இன்னொன்று, ஒரே கோடு இரண்டு கோடாகப் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தால் ஏதோ ஒரு லேயர் ஒரு பிக்சல் நகர்ந்திருக்கிறது. ராவை இரண்டு முறை டெவலப் செய்யும்போது லென்ஸ் கரெக்‌ஷன் ஒன்றில் போட்டு ஒன்றில் விட்டால் இப்படி ஆகும், அதுவும் படத்தின் மூலைகளில்தான் முதலில் தெரியும்.

எல்லாம் முடிந்து அனுப்பினேன். அண்ணாச்சி போனில், "தம்பி, எல்லாம் அருமை. மணி மட்டும் பன்னெண்டு இருபது" என்றார்.

கோபுரத்தின் கடிகாரம். 1913-இல் கட்டடம் திறந்த காலத்திலிருந்து அங்கே இருப்பது. அதை நானும் ஆரம்பத்திலேயே கவனித்திருந்தேன், அவர் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று விட்டுவைத்திருந்தேன். முள் கட்டடமா? விளக்கு எரிவது கட்டடம் மாறுவது ஆகாது என்றால், முள் நகர்வதும் ஆகாது, அது நகர்வதற்காகவே வைத்தது என்பது அவர் வாதம். என் வாதம், பெரிதாக்கிப் பார்க்கிறவருக்கு இந்தப் படம் உண்மையில் எப்போது எடுத்தது என்று சொல்லும் ஒரே சாட்சி அது. கொஞ்ச நேரம் இழுபறி. கடைசியில், படத்தின் கீழே பொடி எழுத்தில் "பகலில் எடுத்த படம், ஒளி மாற்றப்பட்டது" என்று அச்சிடுவதாக அவர் ஒப்புக்கொண்டார், நான் முள்ளை நகர்த்த ஒப்புக்கொண்டேன்.

முள்ளைத் திருப்புவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கீழேயிருந்து பார்ப்பதால் கடிகார முகம் வட்டமாக இல்லை, நீள்வட்டமாகத் தெரிகிறது. அப்படியே சுற்றினால் முள்ளின் நீளமும் கோணமும் முகத்தோடு பொருந்தாது. முதலில் பெர்ஸ்பெக்டிவ் கருவியால் முகத்தை வட்டமாக்கி, முள்களைச் சுற்றி, மறுபடி பழைய சாய்வுக்குக் கொண்டுவர வேண்டும். பெரிய முள் மூன்றில், சிறிய முள் ஆறுக்கு நேராக நிற்காமல் ஆறிலிருந்து ஏழை நோக்கி ஏழரை டிகிரி தாண்டி. முள்களின் மதிய நிழல் முகத்தின் மேல் தனியாக விழுந்திருந்தது, அதையும் சேர்த்து அழிக்க வேண்டியிருந்தது.

அச்சுக்குப் போனதும் முதல் ப்ரூஃபில் வானத்தின் உச்சி கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. திரையில் காட்டும் அந்த ஆழ்ந்த நீலம் நான்கு மையில் கிடைக்காது, சயானும் மெஜந்தாவும் கிட்டத்தட்டச் சமமாகப் போனால் தாளில் ஊதாவாகத்தான் இறங்கும். உச்சி வானத்தில் மெஜந்தாவைச் சயானைவிட முப்பது சதவீதம் குறைவாக வைத்து, ஜன்னல்களைக் கால் ஸ்டாப் ஏற்றி மறுபடி அனுப்பினேன், அந்த ப்ரூஃபுக்கு அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார்.